‘சார், ஒரு நிமிஷம்’: குறுக்கீட்டின் கணக்கு

உழவர்கரை நகராட்சிக்குள் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் என்று இரண்டு தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. அங்கே ஐம்பது, நூறு பேர் வேலை செய்யும் ஒரு யூனிட்டின் மேனேஜருக்கு விசிட்டிங் கார்டில் ‘உற்பத்தி’ என்று போட்டிருக்கும். நடைமுறையில் டிஸ்பாட்ச்சும் அவர்தான், ஆள் நிர்வாகமும் அவர்தான், பாதிக் கணக்குப்பிள்ளையும் அவர்தான். வரிச்சலுகையை நம்பி ஒரு காலத்தில் புதுச்சேரியில் தொழிற்சாலை வைத்த கம்பெனிகள் பல. அவற்றின் தலைமை அலுவலகம் சென்னையிலோ மும்பையிலோ இருக்கும். தூரத்தில் இருப்பதால் தலைமை அலுவலகம் மெயிலாக வந்து நிற்கிறது. பக்கத்தில் இருப்பதால் ஷாப் ஃப்ளோர் ஆளாகவே வந்து நிற்கிறது. கேபின் கதவு பாதி திறக்கும். ‘சார், ஒரு நிமிஷம்’ என்று ஒரு தலை எட்டிப் பார்க்கும்.

இப்படிப்பட்டவருக்கு எல்லோரும் சொல்லும் மருந்து டைம் பிளாக்கிங். நாளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இந்த மணியிலிருந்து இந்த மணி வரை இந்த ஒரு வேலைதான் என்று காலண்டரில் எழுதிவைப்பது. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அந்தக் காலண்டர் பார்க்க அழகாக இருக்கும். பத்து மணிக்குள் கிழிந்துவிடும். மன உறுதி போதவில்லை என்று அவர் தன்னையே திட்டிக்கொள்வார். என் கருத்தில், பழுது அவருடைய மன உறுதியில் இல்லை. கட்டம் போடுவதற்கு முன் போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போடவில்லை, அவ்வளவுதான். அந்தக் கணக்கில் பாதி மூளையைப் பற்றியது, மீதி வரிசையைப் பற்றியது.

ஒரு நிமிடத்தின் விலை

குறுக்கீடு எவ்வளவு சிறியதாக இருந்தால் தொல்லையில்லை? இதை எரிக் ஆல்ட்மன் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். குறிப்பிட்ட வரிசையில் செய்யவேண்டிய ஒரு வேலையைக் கணினியில் கொடுத்து, நடுநடுவே இரண்டு எழுத்துகளைத் தட்டச்சு செய்யும்படி குறுக்கிட்டார்கள். சராசரியாக 2.8 நொடி எடுக்கும் குறுக்கீட்டுக்கே, விட்ட இடத்தை மாற்றிப் பிடிக்கும் தவறு இரண்டு மடங்கானது. 4.4 நொடி எடுத்தபோது அது மூன்று மடங்கானது. வாட்ஸ்அப் சத்தம் கேட்டு போனைத் திருப்பிப் பார்த்து, ‘ஓ, குரூப் மெசேஜ்’ என்று வைப்பதற்கும் இதே அளவு நேரம்தான் ஆகும். ஆர்டர் பட்டியலில் பதினேழாவது வரியில் இருந்தவர் பதினெட்டில் தொடங்கியிருப்பார். அந்த ஒரு வரி விடுபட்டது டிஸ்பாட்ச் அன்றுதான் தெரியவரும்.

காரணம் எளிது. செய்துகொண்டிருக்கும் வேலையின் நிலவரத்தை, அதாவது எந்த வரி, எந்த எண், அடுத்தது என்ன என்பதை, மூளை எழுதிவைப்பதில்லை, உருட்டிக்கொண்டே இருக்கிறது. உருட்டுவதை நிறுத்திய நொடியிலிருந்து அது மங்கத் தொடங்கும். திரும்பி வரும்போது அதை மறுபடி கட்ட வேண்டும். சோஃபி லெராய் 2009-இல் எழுதிய ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது: முடிக்காமல் விட்டுவந்த வேலை, அடுத்த வேலையிலும் கவனத்தின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. வாடிக்கையாளரின் புகாருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, பாதியில் விட்ட உற்பத்தித் திட்டம் மனதின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கே ஒரு பிரபலமான எண்ணைக் கொஞ்சம் அடக்கிவைக்க வேண்டியிருக்கிறது. ‘ஒரு குறுக்கீட்டுக்குப் பின் கவனம் திரும்ப 23 நிமிடம் ஆகும்’ என்று மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் சொல்வார்கள். அப்படியானால் ஒரு நாளைக்கு இருபது குறுக்கீடு வந்தாலே எட்டு மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். எந்தத் தொழிற்சாலையும் ஓடியிருக்காது. இந்த எண் குளோரியா மார்க்கின் கள ஆய்வுகளை ஒட்டி வந்தது. அவர் அளந்தது, குறுக்கிடப்பட்டவர் பழைய வேலைக்குத் திரும்பிவர ஆன மொத்த நேரத்தை. அந்த இடைவெளியில் அவர் சும்மா இருக்கவில்லை, வேறு ஒன்றிரண்டு வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவனத்தைத் திரும்பப் பிடிக்க ஆகும் நேரம் வேறு. மெயிலைப் பொறுத்தவரை அதை இங்கிலாந்தில் தாமஸ் ஜாக்சன் குழுவினர் ஒரு கம்பெனியில் அளந்து 2003-இல் வெளியிட்டார்கள். ஒரு மெயிலைப் பார்த்துவிட்டுப் பழைய வேகத்துக்கு வர சராசரியாக 64 நொடி ஆனது. பெரும்பாலான மெயில்களை ஊழியர்கள் வந்த ஆறு நொடிக்குள்ளேயே பார்த்தார்கள் என்பதையும் அவர்கள் குறித்திருக்கிறார்கள். ஆறு நொடி என்பது பெரும்பாலும் போன் மணிக்குக் கொடுக்கும் மரியாதை.

மார்க்கின் இன்னொரு ஆய்வு, 2008-இல் வந்தது, இன்னும் சுவையானது. குறுக்கிடப்பட்டவர்கள் வேலையை மெதுவாக முடிக்கவில்லை, வேகமாகவே முடித்தார்கள். தரமும் குறையவில்லை. ஆனால் மன அழுத்தம், எரிச்சல், அவசர உணர்வு எல்லாம் ஏறியிருந்தன. இழந்த நேரத்தை ஈடுகட்ட மனிதன் தானாகவே வேகத்தைக் கூட்டுகிறான். அந்த வேகத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொடுக்கிறான். மாலை ஆறு மணிக்கு ‘இன்றைக்கு என்னதான் செய்தேன்’ என்று தெரியாமல், அசந்துபோய் வண்டியை எடுக்கும் மேனேஜருக்கு இந்த முடிவை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே நம் கணக்குக்கு ஒரு குறுக்கீட்டின் விலையை 23 நிமிடம் என்று மிரட்டாமல், ஒரு நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நிமிடமே போதுமான சேதத்தைச் செய்கிறது.

நானூற்று எண்பது நிமிடம்

ஒரு மாதிரி மேனேஜரை எடுத்துக்கொள்வோம். பின்வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை. உங்கள் எண்கள் வேறாக இருக்கும். சாப்பாடும் தேநீரும் போக அவருக்கு எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிடம்.

நாளுக்கு 60 மெயில் வருகிறது. அதில் 40 வெறும் சிசி, அரை நிமிடம் பார்த்தால் போதும்: 20 நிமிடம். 15 மெயிலுக்கு இரண்டு மூன்று நிமிடத்தில் பதில் எழுதலாம்: 40 நிமிடம். ஐந்து மெயிலுக்குக் கோப்பைத் திறந்து பார்த்துத்தான் எழுத முடியும், ஒன்றுக்குக் கால் மணி என்று 75 நிமிடம். மொத்தம் 135. நேரில் வருபவர்களும் போனில் வருபவர்களுமாக 30 பேர், சராசரி நான்கு நிமிடம்: 120. காலை உற்பத்திக் கூட்டமும் தலைமை அலுவலகத்தோடு ஒரு வீடியோ கூட்டமும் சேர்ந்து 90. அடுத்த நாள் திட்டம், அறிக்கைகள் என்று அவரே உட்கார்ந்து செய்யவேண்டியது 105. கூட்டினால் 450 நிமிடம். 480-இல் 450. ‘அரை மணி நேரம் மிச்சம் இருக்கிறதே, பிறகு ஏன் சாகிறாய்?’ என்று முதலாளி கேட்பது இந்த இடத்தில்தான்.

இந்தக் கேள்விக்கு விடை கோபன்ஹேகன் நகரத்துத் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த அக்னர் எர்லாங் என்ற கணிதரிடம் தொடங்குகிறது. எத்தனை இணைப்புக் கம்பி போட்டால் அழைப்பவர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டிவரும் என்ற கணக்கை அவர் 1909-இலிருந்து போட்டுக்காட்டினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் வரிசைக் கோட்பாடு. அதன் மையத்தில் இருக்கும் உண்மை நம் உள்ளுணர்வுக்கு எதிரானது: வேலை முன்னறிவிப்பின்றி, தாறுமாறான நேரங்களில் வந்தால், காத்திருப்பு சுமையின் விகிதத்தில் ஏறாது, நிறைவை நெருங்க நெருங்க எகிறிப் பாயும்.

எளிய மாதிரிக்கு ஒரு சூத்திரம் உண்டு. செய்பவர் ஒருவர், அவருடைய நேரத்தில் நிரம்பிய பங்கு ρ என்றால், ஒரு வேலை தன் முறைக்காகச் சராசரியாகக் காத்திருக்கும் காலம், ஒரு வேலையைச் செய்ய ஆகும் நேரத்தைப் போல ρ/(1−ρ) மடங்கு. நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் நான்கு மடங்கு. 90 என்றால் ஒன்பது. நம் மேனேஜரின் 450/480 என்பது ஏறத்தாழ 94 சதவீதம்; பதினைந்து மடங்கு. நான்கு நிமிடக் கேள்வி ஒன்று ஒரு மணி நேரம் காத்திருக்கிறது. காத்திருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? ‘சார், அந்த மெயில் பார்த்தீங்களா’ என்று மறுபடி வருவார்கள். அதுவும் ஒரு குறுக்கீடு. வரிசை தன்னையே தின்று வளர்கிறது.

இப்போது அந்த ஒரு நிமிடத்தைச் சேருங்கள். 30 குறுக்கீடு, 30 நிமிடம். 450 என்பது 480 ஆகிறது. நூறு சதவீதம். வகுக்கும் எண் பூஜ்யமாகிவிட்டது; இந்த வரிசை இனி ஒருநாளும் தீராது. மெயிலைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் சத்தத்துக்கெல்லாம் திரும்புவதை நான் இன்னும் கணக்கில் எடுக்கவே இல்லை. தீராத மிச்சம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போகும், அல்லது இரவு பத்து மணிக்குக் கட்டிலில் போன் வெளிச்சமாக வந்து உட்காரும். பிரான்ஸ் இந்த இரவு மெயிலுக்கு எதிராக 2017 ஜனவரி 1 முதல் ஒரு சட்டமே கொண்டுவந்தது. குறைந்தது ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பை அறுத்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் வெகுகாலம் கழித்து வந்த சட்டம் என்பதால் நமக்கு அதில் பங்கில்லை.

இந்தச் சூத்திரம் ஒரு மாதிரிதான். வேலைகள் உண்மையிலேயே தாறுமாறாக வருகின்றன, ஒன்றை முடித்துத்தான் அடுத்தது என்றெல்லாம் அது எடுத்துக்கொள்கிறது. உங்கள் கேபினில் பதினைந்து என்பது பன்னிரண்டாக இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம். ஆனால் வளைவின் வடிவம் மாறாது. நாளை முழுக்க நிரப்பும் காலண்டர் ஏன் கிழிகிறது என்பதற்கு அது போதும். எட்டு மணி நேரத்தையும் வண்ண வண்ணக் கட்டங்களால் நிரப்புபவர், ρ-ஐத் தன் கையாலேயே ஒன்றாக்குகிறார். கட்டம் போடுவதன் முதல் வேலை, ஏதோ ஒரு மணி நேரத்தை வெற்றாக விடுவது.

அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும்? கூட்டத்தை ரத்து செய்வது மேனேஜர் கையில் இல்லை. மெயிலை வரவேண்டாம் என்று சொல்ல முடியாது. அந்த 30 பேரிடம்தான் தேட வேண்டும்.

கோடு போட்ட தாள்

ஐந்து வேலை நாட்களுக்கு மேசையில் ஒரு தாளை வையுங்கள். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் ஒரு கோடு: மணி, யார், என்ன, எவ்வளவு நேரம் காத்திருந்திருக்கலாம். கடைசிக் கேள்விதான் முக்கியம். அதை வந்தவரிடம் கேட்காதீர்கள். எல்லோருடையதும் அவசரம்தான். வேலை முடிந்தபின் நீங்களே எழுதுங்கள். தானாகவே வேலையை விட்டுவிட்டு மெயிலைப் பார்த்ததற்கும் ஒரு கோடு போடுங்கள். மார்க்கின் ஆய்வுகளில் கிட்டத்தட்ட பாதிக் குறுக்கீடுகள் வெளியாட்களால் வந்தவையல்ல, தானே தன்னைக் குறுக்கிட்டவை. இந்தக் கோடுகள் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

தாள் நிரம்பியதும் மூன்று விஷயங்கள் பெரும்பாலும் தென்படும். முதலாவது, ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்திருக்கும். ‘சார், மூணாம் மெஷினில் அடுத்து எந்த ஆர்டர்?’ திட்டம் மேனேஜர் தலைக்குள் மட்டும் இருப்பதால்தான் அதைக் கேட்க அவரிடம் வரவேண்டியிருக்கிறது. இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும் முன், அடுத்த இருபத்துநான்கு மணி நேரத் திட்டத்தை ஷாப் ஃப்ளோர் பலகையில் எழுதிவைத்தால் அந்தக் கோடுகள் மறையும். ஸ்டோர்ஸுக்கு வாங்கும் சில்லறைச் சாமானுக்குக் கையெழுத்து கேட்டு வருவதும் இதே ரகம். ஒரு தொகைக்குள் என்றால் சூப்பர்வைசரே கையெழுத்து போடலாம் என்று எழுதிக்கொடுத்தால் தீர்ந்தது. நம் மாதிரிக் கணக்கில் இப்படிப் பத்துப் பேர் குறைகிறார்கள் என்று வைத்தால் 40 நிமிடம் மிச்சம்.

இரண்டாவது, பெரும்பாலான கோடுகளுக்கு எதிரே ‘மதியம் வரை காத்திருக்கலாம்’ என்றே எழுதியிருப்பீர்கள். நிற்கவே முடியாதவை சில உண்டு: யாருக்காவது அடிபட்டது, மெஷின் நின்றது, லாரி கேட்டில் நிற்கிறது. இவை போனில் வர வேண்டும், எப்போது வேண்டுமானாலும் வரலாம். மற்றவை குறித்த நேரத்துக்கு வரட்டும்: காலை பத்தரைக்கு, மாலை நாலு மணிக்கு என்று சூப்பர்வைசர்களோடு இருமுறை கால் மணி நேரம் நின்றபடியே பேசினால், ஆளுக்கு நாலைந்து கேள்வியைச் சேர்த்துக்கொண்டு வருவார்கள். பதில் சொல்ல ஆகும் நேரம் குறையாது. மறுபடி தொடங்கும் அந்த ஒரு நிமிடம் மட்டும் முப்பது தடவைக்குப் பதில் பத்துத் தடவைதான் போகும்.

மெயிலுக்கும் இதே கணக்குதான். ஒன்பதேகால், பன்னிரண்டேகால், நாலரை என்று மூன்று முறை மட்டும் திறந்தால், காலையில் வரும் மெயில் அதிகபட்சம் மூன்று மணி நேரம், சராசரியாக ஒன்றரை மணி நேரம் காத்திருக்கும். போன வார இன்பாக்ஸைத் திறந்து, எந்த மெயிலுக்கு மூன்று மணி நேரத் தாமதம் உண்மையிலேயே கெடுதல் செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அப்படிப்பட்டதை அனுப்பியவர்களிடம் ‘அடுத்த முறை போன் செய்யுங்கள்’ என்று ஒருதரம் சொன்னால் போதும். சிசி மெயில்கள் தனி ஃபோல்டருக்குப் போக, அவுட்லுக் விதிகளில் where my name is in the Cc box என்ற வரியைத் தேர்ந்தெடுக்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் குஷ்லெவும் டன்னும் 124 பேரை ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டும் மெயில் பார்க்கவும், இன்னொரு வாரம் இஷ்டம்போல் பார்க்கவும் சொன்னார்கள். மூன்று முறை பார்த்த வாரத்தில் அன்றாட மன அழுத்தம் குறைந்தது. இது 2015-இல் வந்த ஆய்வு. மூன்று என்ற எண்ணில் மந்திரம் ஒன்றுமில்லை. உங்கள் தாளில் இரண்டு மணி நேரத்துக்குமேல் பொறுக்காதவை அதிகம் என்றால் ஐந்து முறை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கோடுகள் நாள் முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. காலை முதல் ஒரு மணி நேரமும், இரண்டு மணி ஷிப்ட் மாற்றமும் கறுப்பாக இருக்கும். அங்கே தனி வேலைக்குக் கட்டம் போடுவது வீண். பத்தே முக்காலிலிருந்து பன்னிரண்டு வரை வெளிறியிருந்தால் அதுதான் கனமான வேலைக்கான இடம். புதுச்சேரிக்கு இன்னொரு வசதி உண்டு. டவுனில் பல கடைகள் மதியம் ஒன்றரை வாக்கில் மூடி நாலு மணிக்குத்தான் திறக்கும். உள்ளூர்ச் சில்லறை சப்ளையர்களின் போன் அந்நேரம் அடங்கியிருக்கும். சென்னையிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் இந்த மதியத் தூக்கத்தைக் கேலி செய்வார்கள். எனக்கென்னவோ, ஊரே சேர்ந்து ஒரு நேரத்தை ஒதுக்கிவைத்திருக்கிறது என்று தோன்றும்.

கணக்கை முடித்துவிடலாம். 450-இல் 40 போக 410. மறுதொடக்கத்துக்கு 30-க்குப் பதில் 10. மொத்தம் 420, 480-இல் 87.5 சதவீதம். சூத்திரத்தில் போட்டால் ஏழு மடங்கு. நான்கு நிமிடக் கேள்வி அரை மணிக்குள் தீர்கிறது. மேனேஜர் வேகமாகவும் வேலை செய்யவில்லை, கூடுதல் நேரமும் இருக்கவில்லை. மிச்சமாகும் அந்த 60 நிமிடத்தில் ‘புதிய திட்டம்’ எதையும் நட்டுவிடக் கூடாது. அடிபட்டவரோ நின்றுபோன மெஷினோ வருவது அந்த வெற்றிடத்துக்குத்தான்.

கட்டத்தின் நடுவே யாராவது வந்தேவிட்டால்? லெராயும் தெரெசா குளோம்பும் 2018-இல் ஒரு எளிய பரிகாரத்தைச் சோதித்தார்கள். எழுந்திருக்கும் முன், எங்கே நிற்கிறோம், திரும்பி வந்ததும் முதலில் செய்யவேண்டியது என்ன என்று ஒரே வரி எழுதிவைப்பது. அப்படி எழுதியவர்கள் குறுக்கிட்ட வேலையில் முழுக் கவனத்தோடு ஈடுபட்டார்கள். ‘ஒரு நொடி இருப்பா’ என்று சொல்லிவிட்டு ‘வரி 17 முடிந்தது, 18-இல் அளவு சரிபார்’ என்று கிறுக்குவதற்குப் பத்து நொடி ஆகும்.

முதலில் எது?

நேரம் ஒதுக்கியாயிற்று, கட்டத்துக்குள் எதை முதலில் எடுப்பது? ‘முக்கியமானதை முதலில்’ என்பது வழக்கமான பதில். அது பாதிதான் சரி. டபிள்யூ. ஈ. ஸ்மித் 1956-இல் நிரூபித்த ஒரு விதி, தொழிற்சாலை அட்டவணையிடலில் இன்றும் அடிப்படை: முக்கியத்துவத்தை, ஆகும் நேரத்தால் வகு, எது பெரியதோ அது முதலில்.

நம் மேனேஜரின் முன் நான்கு வேலைகள். விலைப்புள்ளிகளை ஒப்பிடுவது: 30 நிமிடம், எடை 3. விடுப்பு ஒப்புதல்: 5 நிமிடம், எடை 1. வாடிக்கையாளர் புகாருக்குக் காரணம் கண்டு பதில்: 60 நிமிடம், எடை 9. கேட்டில் நிற்கும் லாரியின் இ-வே பில் திருத்தம்: 10 நிமிடம், எடை 6. எடை என்பது ஒவ்வொரு நிமிடத் தாமதத்தின் வலி. ஒவ்வொரு வேலையும் முடியும் நிமிடத்தை எடையால் பெருக்கிக் கூட்டினால் மொத்த வலி கிடைக்கும். வந்த வரிசைப்படியே செய்தால் 1610. முக்கியத்துவ வரிசையில், புகாரை முதலில் எடுத்தால் 1365. ஸ்மித் விதிப்படி லாரி, விடுப்பு, புகார், விலைப்புள்ளி என்று எடுத்தால் 1065. இந்த நான்கையும் வேறு எப்படி மாற்றிப்போட்டாலும் இதற்குக் கீழே போகாது. செய்த வேலை அதே 105 நிமிடம்தான்.

இந்த விதிக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. ஐந்து நிமிட வேலைகள் வந்துகொண்டே இருந்தால் அவை எப்போதும் முன்னால் நிற்கும், ஒரு மணி நேர வேலை தொடங்கவே தொடங்காது. கெடு உள்ள சின்ன வேலை என்றால், லாபம் குறைவு என்று தெரிந்தும் மனிதர்கள் அதையே தேர்ந்தெடுப்பதை 2018-இல் வந்த இன்னோர் ஆய்வும் காட்டியிருக்கிறது. அதனால்தான் விதியைக் கட்டத்துக்குள் மட்டும் பயன்படுத்த வேண்டும்: கட்டம் தொடங்கும்போது இருக்கும் பட்டியலுக்குப் பொருந்தும், நடுவே வருவது அடுத்த கட்டத்துக்கு. சட்டக் கெடுக்களுக்கும் அது பொருந்தாது. 7-ஆம் தேதி டி.டி.எஸ்., 15-ஆம் தேதி பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., மாதாந்திரத் தாக்கல் என்றால் 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி. இவற்றில் தாமதத்தின் வலி நிமிடத்துக்கு நிமிடம் ஏறுவதில்லை. கெடு வரை பூஜ்யம், மறுநாள் தண்டம், வட்டி. இதற்கான தகவல் கணக்காளரிடமிருந்தும் ஸ்டோர்ஸிலிருந்தும் வரவேண்டும் என்பதால், கெடுவிலிருந்து மூன்று வேலை நாள் பின்னோக்கி எண்ணி ஒவ்வொரு மாதமும் நிலையான கட்டமாகப் போட்டுவிடுவதுதான் வழி.

இதெல்லாம் சரியாகப் போட்டும் தோற்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் லெஸ்லி பெர்லோ ஒரு பெரிய கம்பெனியின் மென்பொருள் பொறியாளர் குழுவோடு இருந்து, 1999-இல் ‘நேரப் பஞ்சம்’ என்று தலைப்பிட்ட கட்டுரையை வெளியிட்டார். அந்தப் பொறியாளர்கள் பகலில் ஒருவரையொருவர் குறுக்கிட்டுக்கொண்டே இருந்ததால், உண்மையான வேலையை இரவிலும் வார இறுதியிலும் செய்துகொண்டிருந்தார்கள். அவர் ஒரு சோதனை செய்தார்: வாரத்தில் மூன்று நாள் காலையிலிருந்து நண்பகல் வரை யாரும் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது. தனி ஆளின் கட்டமாக இல்லாமல் குழு முழுவதற்கும் ஒரே கட்டம். பலருக்கு வேலை ஓடியது, பொருள் குறித்த தேதியில் வெளியானது. பெர்லோ கிளம்பிப் போன பிறகு பழக்கமும் போய்விட்டது. ஏனென்றால் அந்தக் கம்பெனியில் கைதட்டல் வாங்கியவர்கள் கடைசி நேரத்தில் ஓடிவந்து நெருப்பை அணைத்தவர்கள். நெருப்பே பிடிக்காமல் பார்த்துக்கொண்டவரை யாரும் கவனிக்கவில்லை. பாராட்டும் முறை மாறாதவரை நேரம் ஒதுக்கும் முறையும் நிற்கவில்லை.

உழவர்கரையிலும் இது அப்படியேதான். ‘எப்போது கூப்பிட்டாலும் எடுப்பார்’ என்பதையே நல்ல மேனேஜரின் இலக்கணமாக வைத்திருக்கும் முதலாளியிடம் இந்தக் கட்டுரையின் கணக்கு எதுவும் செல்லாது. ஆகவே ஒரு வேண்டுகோள், மேனேஜர்களுக்கல்ல, அவர்களுக்கு மேலே இருப்பவர்களுக்கு. உங்கள் மேனேஜர் அடுத்த மாதம் கோடு போட்ட ஒரு தாளோடு வந்து, பத்தே முக்காலிலிருந்து பன்னிரண்டு வரை போன் வேண்டாம் என்று கேட்டால், அந்தத் தாளை வாங்கிப் படியுங்கள். அதில் எத்தனை கோடுகள் உங்கள் பெயரில் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகு பதில் சொல்லுங்கள்.